புதுப்பிப்பு: கிளிநொச்சி சலூன் முப்பரிமாணப் படம்

“எதிரெதிர்க் கண்ணாடியில கதிரை நாலுதரம் தெரியுது, பிறகு ஒரே கறுப்பு. ஏன் அண்ணா?”

Blender என்ற முப்பரிமாண மென்பொருளில், படத்தைக் கணக்கிடும் Cycles எஞ்சினை எடுத்தால் Light Paths-இல் கண்ணாடித் தெறிப்பின் எல்லையான Glossy 4 என்றே கிடக்கும். ஒவ்வொரு தெறிப்புக்கும் ஒன்று கழியும். Glossy, மொத்தத் தெறிப்பு எல்லையான Total இரண்டையும் 16 ஆக்கினேன், கறுப்பு தூரத்துக்குப் போய்விட்டது.

லைட்டைக் கூட்டச் சொன்ன தம்பி பாதி சரி. இந்தக் கறுப்பு லைட் குறைவால் வந்ததல்ல, ஆனால் உண்மைக் கண்ணாடியிலும் உள்ளே போகப் போக மங்கும், பச்சை ஏறும். எவ்வளவு பச்சை என்பதில் கடைக்கார அண்ணாவும் நானும் இன்னும் ஒத்துவரவில்லை.

சரிபார்க்க: கண்ணாடிகளுக்கிடையே 3 மீற்றர், கதிரை முன்கண்ணாடிக்கு 1 மீற்றர். உருவங்கள் முன்கண்ணாடிக்குள் 1, 5, 7, 11 மீற்றரில் நிற்கவேணும். 1, 7இல் கதிரையின் முன்பக்கம், 5, 11இல் முதுகு. பேசினில் ஒட்டிய எழுத்து இரட்டைத் தெறிப்பில் நேராக வாசிக்கவேணும்.

வவுனியாவில் கண்ணாடி விலை கேட்ட அக்கா, இது கணினிப் படம்தான்.