‘ஸ்டேஜ்டு ரோல்அவுட்’: பாடநூலுக்கு எந்தச் சொல்லை வைப்பது?

தொகுப்பாசிரியர்:

பாலிடெக்னிக் மாணவர்களுக்கான ஆண்ட்ராய்டு கையேட்டின் ‘பிளே ஸ்டோரில் வெளியிடுதல்’ இயல் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. புதுப் பதிப்பை முதலில் பயனரில் சிறு விழுக்காட்டினருக்கு மட்டும் அனுப்பி, பிறகு கூட்டிக்கொண்டே போகும் ஸ்டேஜ்டு ரோல்அவுட்டுக்குப் ‘படிநிலை வெளியீடு’ என்றும், அதை இடையில் ஹால்ட் செய்வதற்கு ‘திரும்பப் பெறு’ என்றும் வரைவில் எழுதியுள்ளோம். இரண்டையும் பார்த்துச் சொல்லுங்கள்.

தமிழாசிரியை, கோவை:

‘படிநிலை’ என்றால் மேல், கீழ் என்னும் அடுக்கு. பதவிகளுக்கும் சாதிக்கும் அச்சொல்லை ஆள்கிறோம். இங்கே அப்படி ஏதும் இல்லை. ‘வெளியீடு’ என்பதிலும் எனக்கு உடன்பாடில்லை. விடு ‘வீடு’ ஆவதுபோல் இடு ‘ஈடு’ ஆகிப் பிறந்த முதனிலை திரிந்த தொழிற்பெயர் அது. ஆயினும் இன்று புத்தகம், குறுந்தகடு என்று பொருளையே குறிக்கிறது. ரிலீஸுக்கு அதை வைத்துக்கொண்டு, மக்களிடம் அனுப்பும் செயலுக்கு ‘விடுகை’ என்று தனிச்சொல் ஆளலாம். அப்போது ஸ்டேஜ்டு ரோல்அவுட் ‘படிவிடுகை’ ஆகும்.

ஓய்வுபெற்ற பொறியாளர், திருச்சி:

புதுத் தேரைச் சாமி ஏறுமுன் ஓட்டிப் பார்ப்பதற்கு ‘வெள்ளோட்டம்’ என்று நம்மிடம் அழகான சொல் இருக்கிறதே. முதலில் ஐந்து விழுக்காட்டினருக்குக் கொடுத்துப் பார்த்து, பழுது தெரிந்தால் ஹால்ட் செய்ததும் அவர்கள் பழைய பதிப்புக்கே திரும்பிவிடுகிறார்கள் அல்லவா? ஆகவே ‘திரும்பப் பெறு’ பொருத்தமானதே.

செயலி உருவாக்குநர், சென்னை:

ஐயா, சிலருக்கு மட்டும் முதலில் போகிறது என்பது சரி, அவர்கள் திரும்பிவிடுவதில்லை. பயனர் அனைவரும் `versionCode 41` வைத்திருக்கும்போது 42-ஐ ஐந்து விழுக்காட்டுக்கு விடுகிறோம் என்று கொள்வோம். பழுது தெரிந்து ஹால்ட் செய்தால் 42 புதிதாக எவருக்கும் போகாது. ஆனால் ஏற்கெனவே பெற்றவர்களின் போனில் அதுவே இருக்கும். 41-ஐ மீண்டும் பதிவேற்றினால், அந்த எண் முன்பே பயன்பட்டுவிட்டது என்று கன்சோல் மறுத்துவிடும். பழைய நிரலுக்கே திரும்ப நினைத்தாலும் அதற்கு உயர்ந்த எண் கொடுத்துத்தான் கட்டமைக்க வேண்டும்:

```
versionCode = 43
versionName = "2.4.1"
```

மேலும், ஹால்ட் செய்ததை மீண்டும் தொடரவும் முடியும் என்பதால் ‘நிறுத்திவை’ என்பதே சரியான வினை. ‘திரும்பப் பெறு’ என்று அச்சிட்டால், பழுதான பதிப்பு எவரிடமும் இல்லை என்று நம்பி மாணவர் 43-ஐத் தாமதிப்பார்.

வெள்ளோட்டத்தில் சாமி ஏறுவதில்லை. இங்கே உண்மையான பயனர்களே ஏறிவிட்டார்கள். அச்சொல்லைச் சோதனைத் தடங்களுக்கு வைத்துக்கொள்ளலாம்.

மாணவி, மதுரை:

என் பதிவேற்றத் திறவுகோல் இருந்த கோப்பு அழிந்துவிட்டது. ஐந்து விழுக்காட்டுக்கு மட்டும் விட்டால் புதுத் திறவுகோலை ஏற்றுக்கொள்ளுமா?

செயலி உருவாக்குநர், சென்னை:

விழுக்காட்டுக்கும் திறவுகோலுக்கும் தொடர்பில்லை, தங்கையே. பிளே ஆப் சைனிங்கில் சேர்ந்த செயலி என்றால், பயனருக்குப் போகும் கோப்பில் கையொப்பமிடும் திறவுகோல் கூகிளிடம் இருக்கிறது. நீங்கள் இழந்தது பதிவேற்றுபவர் யார் என்று காட்டும் திறவுகோல் மட்டுமே. கணக்கின் உரிமையாளர் கன்சோலில் விண்ணப்பித்து அதை மாற்றிக்கொள்ளலாம். 2021 ஆகஸ்ட் முதல் பிளேயில் தொடங்கும் புதுச் செயலிகளுக்கு இந்த ஏற்பாடு கட்டாயம். அதில் சேராத பழைய செயலியின் கையொப்பத் திறவுகோல் தொலைந்தால்தான் வழியில்லை. வேறு தொகுப்புப் பெயரில் புதிதாகத் தொடங்க வேண்டியிருக்கும்.

தொகுப்பாசிரியர்:

‘பதிவேற்றத் திறவுகோல்’, ‘கையொப்பத் திறவுகோல்’ என்னும் இரு பெயர்களையும் ஏற்கிறேன். ரோல்அவுட்டுக்குத் ‘தவணை வெளியீடு’ என்று வைத்தால் என்ன?

செயலி உருவாக்குநர், சென்னை:

தவணை என்றால் ஒருவரே பகுதி பகுதியாகப் பெறுகிறார் என்று ஆகும். இங்கே ஒவ்வொருவரும் முழுச் செயலியைப் பெறுகிறார்; பெறுவோர் தொகைதான் கூடுகிறது. அந்தத் தொகையின் அளவையும் இயலில் விளக்க வேண்டும். 2,000 பயனரில் ஐந்து விழுக்காடு ஏறத்தாழ நூறு பேர். பழுது ஒரு பழைய போன் வகையில் மட்டும் வருவதாகவும், அதை வைத்திருப்போர் 40 பேர் என்றும் கொண்டால், அந்த நூறில் இருவர்தான் அகப்படுவார்கள். அவர்கள் அன்று செயலியைத் திறக்காவிட்டால் கிராஷ் அறிக்கை வெறுமையாக இருக்கும். அதை நம்பி மறுநாளே முழுமைக்கும் விட்டுவிடக் கூடாது. என் வாக்கு ‘படிப்படியான வெளியீடு’, விளக்காமலே புரியும்.

தொகுப்பாசிரியர்:

‘படிவிடுகை’ வேர் வலுவுள்ள சொல்தான். ஆனால் பஞ்சப்படி, பயணப்படி என்று வழங்கும் நாட்டில் அதைச் சம்பளத்தோடு சேர்த்துப் படித்துவிடுவார்கள். உருவாக்குநர் சொன்ன ‘படிப்படியான வெளியீடு’ விளக்காமலே புரிகிறது; அதையும் ‘நிறுத்திவை’யையும் அச்சுக்கு அனுப்புகிறேன்.

தமிழாசிரியை, கோவை:

‘நிறுத்திவை’க்கு முழு உடன்பாடு, மற்றதில் என் மறுப்பைப் பதிவு செய்யுங்கள். உங்கள் இயலின் மூன்றாம் பக்கத்தில் ‘இந்த வெளியீட்டின் வெளியீட்டை நிறுத்திவைக்கவும்’ என்றொரு வரி வருகிறது. இரண்டு ‘வெளியீடு’களில் எதை நிறுத்துவது என்று மாணவர் கேட்டால் என்ன சொல்வீர்கள்? அந்த ஒரு வரியிலாவது ‘விடுகை’யை வையுங்கள்.