CONTRIBUTING.md: ‘ரீபேஸ்’ என்பதற்கு ‘அடிமாற்றல்’ சரிவருமா?

தர்ஷினி, வெள்ளவத்தை:
வணக்கம். வழிகாட்டியில் நிறுவலும் குறிமுறை நடையும் எழுதி முடிஞ்சுது. மாற்றங்களை அனுப்பும் பகுதியில்தான் நிற்கிறேன். பழைய வரைவில் ரீபேஸுக்கு ‘மறுஅடித்தளமிடல்’ என்றிருக்கு. வாசிக்கிறவருக்கு என்ன செய்யவேணும் என்றே விளங்காது. ‘அடிமாற்றல்’ என்று போடலாமா? எங்கட கிளை எந்தக் கமிட்டிலிருந்து பிரியுதோ அந்த இடத்தைத்தானே மாற்றுகிறோம்.

நிரோஷன்:
‘புதுப்பித்தல்’ போதாதா அக்கா? main-இல் புதுசா வந்ததை எங்கட கிளைக்குள்ள எடுக்கிறதுதானே வேலை.

ரிஸ்னா, தெமட்டகொட:
நான் சொல்லைப் பற்றிக் கேட்கவில்லை, மன்னிக்கவும். வரைவில் உள்ளபடி ரீபேஸ் செய்துவிட்டு push கொடுத்தேன். non-fast-forward என்று மறுத்துவிட்டது. கீழே இருந்த குறிப்பைப் பார்த்து `git pull --no-rebase` கொடுத்தேன். இப்ப என்ட இரண்டு கமிட்டும் புல் ரிக்குவெஸ்டில் இரண்டிரண்டு தரம் நிற்குது, அதோட ஒரு மெர்ஜ் கமிட்டும்.

சிவகுமார்:
தங்கச்சி, உங்களுக்கு நடந்ததை வைத்தே சொல்லையும் பார்ப்போம். ரீபேஸ் உங்கட கமிட்டுகளைத் தூக்கி வைக்கிறதில்லை. ஒவ்வொன்றிலும் உள்ள மாற்றத்தை எடுத்து, main-இன் நுனியில் புதிய கமிட்டாகத் திரும்ப எழுதுது. தாய்க் கமிட் மாறினபடியால் ஹாஷும் மாறிவிடும். பழைய இரண்டும் சேர்வரிலுள்ள உங்கட கிளையில் அப்படியே கிடந்தன. pull அவற்றையும் இழுத்து வந்து சேர்த்துவிட்டது.

மெர்ஜுக்குப் பிறகு வேறு கமிட் எதுவும் போடவில்லை என்றால் இது போதும்:

```
git reset --hard HEAD^
git push --force-with-lease
```

முதல் வரி கமிட் செய்யாத மாற்றங்களை அழித்துவிடும், `git status` பார்த்துவிட்டுச் செய்யுங்கோ. இரண்டாவது, நீங்கள் கடைசியாக fetch செய்த பிறகு வேறு யாரும் அந்தக் கிளையில் ஏதாவது போட்டிருந்தால் நின்றுவிடும். வெறும் `--force` அதைப் பார்க்காமல் மேலெழுதிவிடும்.

நிரோஷன், மெர்ஜ் செய்தாலும் கிளை புதுப்பிக்கப்படத்தான் செய்யும். ஆனால் அங்கே பழைய கமிட்டுகள் மாறாது, force தேவையில்லை. இரண்டுக்கும் ஒரே சொல் வைத்தால் ரிஸ்னா விழுந்த குழியில் எல்லாரும் விழுவார்கள். ‘அடிமாற்றல்’ எனக்குச் சரி. ஆனாலும் கமிட்டுகள் திரும்ப எழுதப்படுவதை அந்தச் சொல் காட்டாது. அதைப் பக்கத்திலேயே ஒரு வரியாக எழுதவேணும்.

தர்ஷினி:
இப்படி எழுதுகிறேன்: “அடிமாற்றிய பின் வழமையான push மறுக்கப்படும். இது எதிர்பார்த்ததே. இவ்விடத்தில் pull செய்ய வேண்டாம்.” வினையாகவும் சொல் நல்லா வருது: அடிமாற்று, அடிமாற்றிய கிளை.

நிரோஷன்:
வித்தியாசம் இப்ப விளங்குது அண்ணா. ஆனால் திரையில் `rebase` என்றுதான் வரும். பிழைச்செய்தியைத் தேடுகிறவர் ‘அடிமாற்றல்’ என்று தேடமாட்டார். தலைப்பில் கட்டளையையே வைக்கவேணும் என்பது என் எண்ணம்.

தர்ஷினி:
தலைப்பில் இரண்டையும் போட்டால் நீளம். மற்றவர்களும் சொல்லுங்கோ.

ரிஸ்னா:
சரியாகிட்டுது அண்ணா, இரண்டே கமிட்தான் நிற்குது. இன்னொரு கேள்வி: அதே கிளையில் என்ட தோழியும் வேலை செய்கிறா. நான் அடிமாற்றினால் அவட பக்கம் என்ன ஆகும்?

சிவகுமார்:
அவட கையிலிருக்கிறது பழைய கமிட்டுகள், அதே குழப்பம் அவவுக்கு வரும். இரண்டு பேர் வேலை செய்யும் கிளையை அடிமாற்றாதேங்கோ, மெர்ஜ் செய்யுங்கோ. தர்ஷினி, இதையும் வழிகாட்டியில் சேர்க்கவேணும்.