"விரைவு விகிதம்" என்ற சொல் சரிதானா?

மதுரையிலிருந்து, மொழிபெயர்ப்பாளர்:
வணக்கம். சிறுதொழில் செய்பவர்களுக்காகக் கணக்குக் கையேடு ஒன்று எழுதி வருகிறேன். பள்ளிப் பாடநூலில் உள்ளபடி நடப்பு விகிதம், விரைவு விகிதம் என்றே எழுதினேன். படித்துப் பார்த்த ஒரு கடைக்காரர், "விரைவு என்றால் கடனைச் சீக்கிரம் அடைக்கிற வேகமா?" என்று கேட்டார். "சரக்கு நீக்கிய விகிதம்" என்றால் புரியுமா?

திருப்பூரிலிருந்து, ஆடிட்டர்:
அவர் கேட்டது நியாயம்தான். இரண்டு விகிதத்திலும் வகுக்கிற தொகை ஒன்றே: பன்னிரண்டு மாதத்துக்குள் கட்ட வேண்டிய கடன். மேலே வைக்கிற சொத்துதான் மாறுகிறது: நடப்பு விகிதத்தில் ரொக்கம், பாக்கி, சரக்கு எல்லாம் சேரும், விரைவு விகிதத்தில் சரக்கு சேராது.

நான் பார்த்த ஒரு பனியன் கம்பெனியில் ரொக்கமும் வங்கி இருப்பும் 5 லட்சம், வரவேண்டிய பாக்கி 35 லட்சம், சரக்கு 80 லட்சம். ஓராண்டுக்குள் கட்ட வேண்டியது 60 லட்சம். மூன்றும் சேர்ந்த 120ஐ 60ஆல் வகுத்தால் நடப்பு விகிதம் 2. கடன் கொடுக்க வங்கிகள் வழக்கமாக எதிர்பார்ப்பதே 1.33தான். ஆனால் சரக்கை எடுத்துவிட்டால் 0.67.

குடோனுக்குப் போய்ப் பார்த்தேன். சரக்கில் பாதி, ரத்தான ஆர்டருக்காகக் கட்டிங் ஆன துணி. வாங்கவிருந்தவரின் சின்னம் அச்சாகிவிட்டதால் வேறு யாரும் தொட மாட்டார்கள். விற்கக்கூடிய விலைக்குக் குறைத்து எழுதாமல், அடக்கவிலையிலேயே விட்டிருந்தார்கள். நூல் மில்லுக்கு அந்தத் துணியைக் கொடுத்துப் பாக்கியைத் தீர்க்க முடியுமா?

அதனால் உங்கள் சொல் பிடித்திருக்கிறது. ஒரு குறை உண்டு: முன்கூட்டிக் கட்டிய காப்பீடு, வாடகையையும் நாங்கள் நீக்குவோம்.

யாழ்ப்பாணத்திலிருந்து, ஆசிரியர்:
நடப்பு விகிதத்தை நாங்கள் நடைமுறை விகிதம் என்போம். புதுச்சொல் வந்தால் பிள்ளைகள் பரீட்சையில் தடுமாறுவார்கள். அது 2க்கு 1, விரைவு விகிதம் 1க்கு 1 இருந்தால் கம்பெனி நல்லது, குறைந்தால் ஆபத்து. அது விளங்கினால் போதாதா?

கோவில்பட்டியிலிருந்து, மளிகைக் கடைக்காரர்:
என் கடைக்கு முதல் விகிதமே 0.9தான் வருகிறது. சரக்கு பத்து நாளில் ரொக்கத்துக்கு விற்றுவிடும், மொத்த வியாபாரிக்கு முப்பதாம் நாள்தான் பணம். ஒரு தவணையும் தவறியதில்லை. என் கடை ஆபத்தில் இருக்கிறதா?

திருப்பூரிலிருந்து, ஆடிட்டர்:
இல்லை அண்ணாச்சி. கடன் கெடுவுக்கு முன்பே உங்கள் சரக்கு பணமாகிவிடுகிறது. ஆசிரியர் ஐயா சொல்லும் அளவை எல்லாத் தொழிலுக்கும் பொருத்த முடியாது. அந்தப் பனியன் கம்பெனியில் 35 லட்சம் பாக்கியில் 15 லட்சம் ஆறு மாதம் தாண்டியது. 0.67 என்பதே தாராளமான கணக்கு. "விரைவு" என்ற பெயர் அதைத்தான் மறைக்கிறது.

மதுரையிலிருந்து, மொழிபெயர்ப்பாளர்:
சரி, நடப்பு விகிதத்தை மாற்றவில்லை. மற்றதற்குச் "சரக்கு நீக்கிய விகிதம்" என்று எழுதி, முதல் இடத்தில் மட்டும் பாடநூல் சொல்லையும் தருகிறேன். முன்கூட்டிக் கட்டியதையும் அடக்கும் சொல் இன்னும் அகப்படவில்லை. "பணமாகும் சொத்து" என்று யோசித்தேன், ஆனால் அண்ணாச்சியின் சரக்கும் பணமாகிறதே. ஆடிட்டர் ஐயா, அந்தக் கட்டிங் துணிக் கணக்கை, கம்பெனி எதுவென்று தெரியாதபடி கையேட்டில் சேர்க்கலாமா?