பூர்வீக வீட்டு வாசல் கல்லில் எந்த வருஷம், யார் பெயர்?

வளவுக்காரன்: காரைக்குடி பக்கத்தில் எங்கள் பூர்வீக வீட்டைப் புதுப்பித்து முடிக்கும் தறுவாயில் இருக்கிறோம். முகப்புச் சுவரில் ஒரு கல் பதிக்கலாம் என்று எண்ணம். நான் எழுதி வைத்திருப்பது: "1861இல் எங்கள் பாட்டையா கட்டிய இவ்வீடு, ஐந்து தலைமுறை வாழ்ந்து, 2024இல் பழமை மாறாமல் புதுப்பிக்கப்பட்டது." முன்வாசல் நிலையில் துன்மதி வருஷம் என்று செதுக்கியிருக்கிறது, அதை வைத்துத்தான் 1861 போட்டேன். இந்த வாசகம் சரியா? கல்லில் வெட்டிவிட்டால் மாற்ற முடியாது.

தென்றல்: ரொம்ப நல்ல காரியம் செய்திருக்கிறீர்கள். வருஷமெல்லாம் போட்டால் யாரும் படிக்க மாட்டார்கள். படத்துக்கு மேலே "முன்னோர் மூச்சு இன்னும் இங்கே உலாவுகிறது" என்று ஒரு வரி போதும். பகிர்ந்தால் நிறையப் பேர் பார்ப்பார்கள்.

வளவுக்காரன்: படத்துக்கு இல்லைங்க, சுவரில் பதிக்கிற கல்லுக்குக் கேட்கிறேன்.

சுண்ணாம்புக் காளவாய்: ஐயா, துன்மதி அறுபது வருஷத்துக்கு ஒரு தடவை வரும். 1861-லும் துன்மதி, 1921-லும் துன்மதி. நிலையில் வருஷப் பெயர் மட்டும் இருந்தால் இரண்டில் எது என்று அது சொல்லாது. பக்கத்தில் கலியுக எண்ணோ இங்கிலீஷ் வருஷமோ இருக்கிறதா? இல்லாவிட்டால் வளவில் இரும்பு உத்தரம் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் பெயின்ட்டைக் கொஞ்சம் சுரண்டிப் பார்க்கவும். உருட்டும்போதே கம்பெனி பெயரைப் பதித்திருப்பார்கள்.

வளவுக்காரன்: எண் எதுவும் இல்லை. உத்தரம் இருக்கிறது. சாயங்காலம் ஏணி போட்டுச் சுரண்டினேன். டாடா என்று இங்கிலீஷில் புடைப்பாக இருக்கிறது.

கொத்தனார் மகன்: அப்போ விஷயம் முடிந்தது. இன்றைய ஜாம்ஷெட்பூரில் டாடாவின் முதல் உருக்கு வந்ததே 1912இல்தான். அதனால் வீடு 1921. 1861 என்பது வீட்டில் சொல்லிக்கொண்ட கதை. தைரியமாக 1921 போடுங்கள்.

சுண்ணாம்புக் காளவாய்: தம்பி, அவ்வளவு வேகம் வேண்டாம். 1912 சரி. ஆனால் அந்த உத்தரம் வீடு கட்டும்போதே வைத்ததா, பிற்பாடு மரம் உளுத்து மாற்றியதா என்று பார்க்காமல் எதுவும் சொல்ல முடியாது. உத்தரத்தின் முனை சுவருக்குள் நுழைகிற இடத்தைப் பார்க்கணும். கட்டும்போதே வைத்திருந்தால் சுற்றிலும் அதே செங்கல், அதே சுண்ணாம்புச் சாந்து, அடியில் ஒரு பலகைக் கல் அசையாமல் இருக்கும். பிறகு நுழைத்திருந்தால் சுவரைக் குடைந்திருப்பார்கள். உடைந்த செங்கல் துண்டும் வேறு நிறச் சாந்தும் தெரியும், பெரும்பாலும் சிமென்ட்டாக இருக்கும்.

வளவுக்காரன்: மூன்று உத்தரத்தில் இரண்டின் முனையில் சுண்ணாம்புதான், செங்கல் வரிசை குலையவில்லை. மூன்றாவதில் மட்டும் சிமென்ட் பூச்சு. அது ஒழுகின பக்கம், எண்பதுகளில் வேலை பார்த்ததாக அப்பச்சி சொல்வார்.

சுண்ணாம்புக் காளவாய்: அப்படியானால் வளவு 1912க்குப் பிறகு கட்டியது என்று நம்பலாம். அது வளவுக்கு மட்டும்தான். செட்டிநாட்டில் பழைய வீட்டு நிலையைக் கழற்றிப் புது வீட்டுக்கு வைப்பது நடக்கிற காரியம். உங்கள் நிலை எந்த வகை என்று ஓரளவு கண்டுபிடிக்கலாம். இப்போது உபயோகத்தில் இல்லாத பழைய கீல் பள்ளம், தாழ்ப்பாள் துளை ஏதாவது அடைத்து வைத்திருக்கிறதா? நிலைக்கும் சுவருக்கும் நடுவே சின்னச் செங்கல் துண்டு வைத்து நிரப்பியிருக்கிறார்களா?

வளவுக்காரன்: இடது காலில் மரத்துண்டு வைத்து அடைத்த பள்ளம் இரண்டு இருக்கிறது. இப்போது கீல் இருப்பது அதற்கு நாலு விரல் கீழே. வலது பக்கம் சுத்தமாக இருக்கிறது.

கொத்தனார் மகன்: கதவை மாற்றியிருப்பார்கள். கதவு மாறினால் கீலும் இறங்கும். அதை வைத்து நிலை வேறு வீட்டிலிருந்து வந்தது என்று சொல்ல முடியாது.

சுண்ணாம்புக் காளவாய்: அதுவும் நியாயம்தான். ஒரு பக்கம் மட்டும் மாறியிருப்பது எனக்கு இடிக்கிறது, அவ்வளவே. நிலை 1861ஆக இருக்கலாம், 1921ஆகவும் இருக்கலாம்.

சிங்கப்பூர் பங்காளி: என்ன இது, வீட்டை நினைவுகூர்வதற்குக் கல் வைக்கிறார்களா, நீதிமன்றத்தில் சாட்சி சொல்கிறார்களா? எங்கள் அப்பத்தா 1861 என்றுதான் சொல்லுவார். எங்கள் தலைமுறை முழுக்க அதைக் கேட்டு வளர்ந்திருக்கிறோம். இரும்பில் இருக்கிற முத்திரையை நம்பி அப்பத்தாவைத் தள்ளிவிட முடியுமா? அவர்களுக்கு மரியாதை செய்கிற கல்லில் அவர்கள் சொன்னதே இருக்கட்டும்.

அடுப்படி ஆச்சி: அண்ணே, அப்பத்தாவுக்கு மரியாதை என்கிறீர்கள், கல்லில் அவர் பெயர் எங்கே? "பாட்டையா கட்டிய" என்று ஒருவர், அதற்குப் பிறகு "ஐந்து தலைமுறை" என்று மொத்தமாக. கொண்டுவிற்கப் போன ஆண்கள் பர்மாவிலும் மலேயாவிலும் வருஷக்கணக்கில் இருந்தார்கள். அந்த நேரமெல்லாம் வீட்டை ஆண்டது பெண்கள். ஒவ்வொரு கல்யாணத்துக்கும் எழுதின இசைகுடிமானம் பெட்டகத்தில் இருக்கும். மாப்பிள்ளை, பெண், இருவருடைய தகப்பனார் பெயர், கோயில், தேதி எல்லாம் அதில் உண்டு. வீட்டுக்கு வந்த மருமகள் ஒவ்வொருத்தர் பெயரையும் அதிலிருந்து எடுக்கலாம். கிடைக்கிற பெயரையாவது போடுங்கள். கல் கொஞ்சம் பெரிதானால் என்ன?

வளவுக்காரன்: பெட்டகத்தில் ஒரு கட்டு இருக்கிறது, நாளைக்கு எடுத்துப் பார்க்கிறேன் ஆச்சி. பெண் பெயர் விடுபட்டது எனக்குத் தோன்றவே இல்லை. ஒரு கேள்வி: செலவு செய்தவர் பெயர் போடலாமா? எங்களில் இரண்டு புள்ளிதான் பணம் போட்டோம், மற்றவர்களுக்கும் பங்கு இருக்கிறது.

கொத்தனார் மகன்: போடக் கூடாது. இன்றைக்குப் போட்டால் பத்து வருஷம் கழித்துப் பாகப் பேச்சு வரும்போது மனத்தாங்கல் வரும். செலவுக் கணக்கை நோட்டில் எழுதி எல்லாரிடமும் கையெழுத்து வாங்கி வையுங்கள், அதுதான் பிற்காலத்தில் பேசும்.

சிங்கப்பூர் பங்காளி: இதில் மட்டும் தம்பி சொல்வது சரி.

சுண்ணாம்புக் காளவாய்: "பழமை மாறாமல்" என்பதைப் பற்றி யாரும் பேசவில்லை. வேலை என்னென்ன செய்தீர்கள்?

வளவுக்காரன்: முகப்பிலும் வளவிலும் முன்பு பூசியிருந்த சிமென்ட்டை உரித்துவிட்டுச் சுண்ணாம்பு பூசினோம். தட்டினால் பொள்ளல் சத்தம் வந்த இடமெல்லாம் உள்ளே ஈரமும் உப்பும் இருந்தது. பின்கட்டு அடுப்படியைக் காப்பாற்ற முடியவில்லை, இடித்துத் தள கான்கிரீட் போட்டோம். ஆத்தங்குடிக் கல்லில் பாதி புதிது.

சுண்ணாம்புக் காளவாய்: அப்போது அடுப்படி மாறிவிட்டது, தரையில் பாதி மாறிவிட்டது. மாற்றியதில் தப்பில்லை. 1964 வெனிஸ் சாசனத்திலேயே, புதிதாக வைப்பது பழையதோடு இசைய வேண்டும், ஆனால் புதிது என்று அடையாளமும் தெரிய வேண்டும் என்று இருக்கிறது. நாளைக்கு உங்கள் பேத்தி அடுப்படியைப் பார்த்து இதுவும் பாட்டையா கட்டியது என்று நினைக்கக் கூடாது. எது எதை மாற்றினோம் என்று கல்லிலேயே ஒரு வரி எழுதிவிடுங்கள்.

வளவுக்காரன்: சரி, திருத்திய வாசகம்:

"முன்வாசல் நிலையில் துன்மதி வருஷம் எனச் செதுக்கப்பட்டுள்ளது. குடும்ப வழக்கில் 1861. வளவின் இரும்பு உத்தரங்கள் 1912க்குப் பிற்பட்டவை. இங்கு வாழ்ந்தோர்: (பெயர்கள்). 2024இல் முகப்பும் வளவும் சுண்ணாம்பால் புதுப்பிக்கப்பட்டன. அடுப்படியும் தரையில் பாதியும் புதியவை."

சிங்கப்பூர் பங்காளி: குடும்ப வழக்கு என்று எழுதினால் சந்தேகப்படுவது போல இருக்கிறது. நான் ஒப்பமாட்டேன். மற்றப் பங்காளிகளையும் கேளுங்கள்.

அடுப்படி ஆச்சி: எனக்கு அது மரியாதையாகத்தான் படுகிறது அண்ணே. அப்பத்தா சொன்னதும் நிற்கிறது, இரும்பு சொல்வதும் நிற்கிறது.

சுண்ணாம்புக் காளவாய்: முடிவு அவர்களுடையது. கல்லைச் சுவருக்குள் குடைந்து பதிக்காதீர்கள், புதுச் சுண்ணாம்பு இன்னும் இறுகியிருக்காது. வேலை முடித்துச் சில மாதம் பொறுத்து, செங்கல்லில் துளையிடாமல் சாந்து வரிசையில் பித்தளைத் திருகாணி போட்டு மாட்டுங்கள். இரும்பு ஆணி துருப்பிடித்துப் பருத்தால் பூச்சைப் பிளந்துவிடும்.