இதழ்க் கட்டுரையில் பழைய ஆய்வேட்டின் பத்திகள்: இதழாசிரியருக்குச் சான்றோடு எழுதுவது எப்படி?

வெண்மணல்
சங்க இலக்கியத்தில் உப்பு வணிகம் பற்றி 2021-இல் ஒரு தமிழாய்விதழில் வந்த கட்டுரை இது. 9 பக்கம், இரண்டு பேர் எழுதியது. உமணர் பற்றிய பகுதி முன்பே படித்ததுபோல் இருந்ததால் சோத்கங்காவில் தேடினேன். 2014-இல் பட்டம் பெற்ற ஒரு முனைவர் பட்ட ஆய்வேட்டின் மூன்றாம் இயலில் அதே பத்திகள் இருக்கின்றன. கட்டுரையின் துணைநூல் பட்டியலில் அந்த ஆய்வேடு இல்லை. இதழாசிரியருக்கு எழுத வேண்டும். ஆனால் நூலகத்தில் ஒப்புமை மென்பொருளில் கட்டுரையைப் போட்டால் 3 விழுக்காடு என்றுதான் காட்டுகிறது. கண்ணால் பார்த்தால் இரண்டு பக்கத்துக்கு மேல் ஒன்றாகவே இருக்கிறது. 3 விழுக்காட்டை வைத்துக்கொண்டு எழுதினால் யாராவது நம்புவார்களா?

துறைத்தலைவர்_ஓய்வு
யுஜிசி 2018 விதிமுறைப்படி 10 விழுக்காடு வரை தண்டனை கிடையாது. நீங்கள் சொல்வது 3. இதழாசிரியர் அதைக் காட்டியே கோப்பை மூடிவிடுவார். வேறு மென்பொருளில் போட்டு 10-ஐத் தாண்டுகிறதா என்று பாருங்கள். தாண்டினால் அந்த அறிக்கையை இணைத்து அனுப்புங்கள், அதுவே போதும்.

மெய்ப்பு
ஐயா சொன்ன வரம்பு உண்மைதான். ஆனால் அது கல்வி நிறுவனம் தன் மாணவர்மீதும் ஆசிரியர்மீதும் நடவடிக்கை எடுப்பதற்கான அளவுகோல். இதழாசிரியரை அது கட்டுப்படுத்தாது. இரண்டு பக்கம் மேற்கோள் குறியின்றி எடுக்கப்பட்டிருந்தால் விழுக்காடு எதுவானாலும் அவர் விசாரிக்கலாம்.

வெண்மணல், அந்த 3 எப்படி வந்தது என்பதை முதலில் பாருங்கள். ஆய்வேட்டுப் பிடிஎஃப்பில் ஒரு வரியை நகலெடுத்து ஒட்டிப் பாருங்கள். "தமிழ்" என்ற சொல் `jkpo;` என்று விழுந்தால் அது பாமினி எழுத்துரு. திரையில் தமிழாகத் தெரியும், கோப்புக்குள் இருப்பதோ ஆங்கில எழுத்துகள். கட்டுரை யூனிகோடிலும் ஆய்வேடு பாமினியிலும் இருந்தால், மென்பொருளுக்கு அவை இரண்டு வேறு மொழிகள். ஆய்வேடு படமாக வருடப்பட்டிருந்தால் அதற்கு எழுத்தே தெரியாது. தமிழில் குறைந்த விழுக்காடு வருவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

எழுத்துரு எதுவென்று முதல் கட்டளை காட்டும். படக்கோப்பாக இருந்தால் அடுத்த இரண்டும் உதவும்:

```
pdffonts 08_chapter3.pdf
pdftoppm -r 300 -f 5 -l 11 -png 08_chapter3.pdf p
tesseract p-05.png p-05 -l tam
```

பாமினியாக இருந்தால் எழுத்துரு மாற்றி ஒன்றில் போட்டால் யூனிகோடாகிவிடும். டெசராக்ட் ழகர ளகரத்தையும், துணைக்காலையும் ரகரத்தையும் குழப்பும். எனவே அது தரும் எழுத்தைத் தேடுவதற்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். சான்றாக அனுப்ப வேண்டியது பக்கத்தின் படம்.

வெண்மணல்
போட்டுப் பார்த்தேன், `jkpo;` தான் வருகிறது. மாற்றியபின் ஏழு இடங்கள் கிடைத்தன. அவற்றில் மூன்று, பாட்டுகளுக்கான பொருள் விளக்கம். ஏழையும் அனுப்பவா?

மெய்ப்பு
அந்த மூன்றைத் தனியே எடுத்து வையுங்கள். அகநானூற்றுப் பாட்டு என்றால் ந.மு. வேங்கடசாமி நாட்டாரும் ரா. வேங்கடாசலம் பிள்ளையும் எழுதிய உரையோடு ஒப்பிடுங்கள். ஆய்வேட்டாளரும் கட்டுரையாளரும் தனித்தனியே அந்த உரையிலிருந்தே எடுத்திருக்கலாம். அப்படியிருந்து நீங்கள் அதையும் பட்டியலில் வைத்தால், கட்டுரையாளர் அந்த ஒன்றை மட்டும் பிடித்து மறுத்து, மீதி நான்கின் மதிப்பையும் குறைத்துவிடுவார். பாட்டு வரிகளுக்கும் இதே கதிதான். சங்கப் பாட்டு எல்லார் கட்டுரையிலும் ஒரே மாதிரிதான் இருக்கும்.

மீதமுள்ள நான்கில், யார் யாரிடமிருந்து எடுத்தார் என்பதை உரையே காட்டிக்கொடுக்கும் இடம் இருக்கிறதா என்று தேடுங்கள். இரண்டு வகையில் அது கிடைக்கும். ஒன்று, மூலத்தின் எச்சம்: இயல்களே இல்லாத 9 பக்கக் கட்டுரையில் "முந்தைய இயலில் கண்டவாறு" என்றோ "இவ்வாய்வேட்டில்" என்றோ நிற்பது. மற்றொன்று, மூலத்தின் பிழை. பாட்டு எண், ஆண்டு, ஊர்ப்பெயர் ஆகியவற்றில் ஆய்வேடு செய்த தவறு கட்டுரையிலும் அப்படியே இருந்தால், இருவரும் ஒரே நூலைப் பார்த்தோம் என்ற பதில் எளிதில் எடுபடாது.

வெண்மணல்
இருக்கிறது! உமணர் உப்பு விற்கும் பாட்டு அகநானூறு 140. ஆய்வேட்டில் அகம். 104 என்று அச்சாகியிருக்கிறது. கட்டுரையிலும் 104. "இவ்வியலில் ஆராயப்பட்டது" என்ற தொடரும் கட்டுரையின் ஆறாம் பக்கத்தில் இருக்கிறது.

மெய்ப்பு
பட்டியலில் இதுதான் முதல் வரிசை. இது தவறான எண் என்பதற்கு அகநானூற்றின் அடைவே சாட்சி: 10-இன் மடங்காக வரும் எண்கள் நெய்தல், 4-இல் முடிபவை முல்லை. நெய்தல் திணையிலுள்ள இந்த உப்பு வணிகப் பாட்டு 104-ஆக இருக்க வழியில்லை. எண்ணைத் தவறாக அடித்தவர் ஆய்வேட்டாளர், திருத்தாமல் எடுத்தவர் கட்டுரையாளர் என்று ஒரே வரியில் புரியும்.

கடலோரன்
எனக்கும் இதே பிரச்சினை. என் வலைப்பதிவுக் கட்டுரையை ஒரு நாளிதழ் இணைப்பில் என் பெயரில்லாமல் போட்டுவிட்டார்கள். இழப்பீடு கேட்டு எந்தப் படிவத்தில் எழுத வேண்டும்?

மெய்ப்பு
கடலோரன், உங்களுடையது பதிப்புரிமைச் சிக்கல். எழுதியவர் நீங்கள் என்பதால் உரிமை கோரலாம், அதற்கு வழக்கறிஞர் வழியாக அறிவிப்பு அனுப்பலாம். வெண்மணல் உரிமையாளர் அல்லர். வாசகராக இதழின் பதிவைத் திருத்தச் சொல்கிறார், அதற்கு எந்த உரிமையும் தேவையில்லை. இரண்டையும் கலந்தால் இவருடைய கடிதத்திலும் பதிப்புரிமை, இழப்பீடு என்ற சொற்கள் புகுந்துவிடும். இதழாசிரியர் அதைச் சட்டத் துறையிடம் தள்ளிவிடுவார்.

சுவடிக்காரி
நூலகத்தில் பணிபுரிகிறேன். அனுப்பும் முன் செய்ய வேண்டிய சில வேலைகள் இருக்கின்றன.

கட்டுரைப் பிடிஎஃப்பையும் இதழின் உள்ளடக்கப் பக்கத்தையும் இன்றே இறக்கிவையுங்கள், `web.archive.org` தளத்திலும் சேமியுங்கள். கேள்வி எழுந்ததும் அறிவிப்பின்றிக் கோப்பை மாற்றிய இதழ்கள் உண்டு. அச்சு இதழ் கிடைத்தால் அட்டை, ஆசிரியர் குழுப் பக்கம், கட்டுரை மூன்றையும் படமெடுங்கள்.

சோத்கங்காவில் இயல்கள் தனித்தனிக் கோப்புகளாக இருக்கும். கோப்பின் 5-ஆம் பக்கம் ஆய்வேட்டில் 112-ஆக அச்சாகியிருக்கலாம். இரண்டு எண்களையும் எழுதுங்கள், இல்லாவிட்டால் சரிபார்ப்பவர் தேடிச் சலித்து விட்டுவிடுவார். தேதிக்கு ஆய்வேட்டின் உறுதிமொழிப் பக்கத்தைக் காட்டுங்கள். தளத்தில் ஏற்றிய தேதி பல ஆண்டு பிந்தியிருக்கலாம். அதைக் குறிப்பிட்டால் கட்டுரைதான் முந்தியது என்று ஒருவர் வாதாட இடம் கிடைக்கும்.

இன்னொன்று மிக முக்கியம். கட்டுரையாளர் இருவரில் யாராவது ஆய்வேட்டை எழுதியவரா என்று பாருங்கள். திருமணத்துக்குப் பின் தலைப்பெழுத்து மாறியிருக்கலாம். தன் ஆய்வேட்டிலிருந்து தானே கட்டுரை எழுதுவது தவறில்லை, மூலத்தைக் குறிப்பிடாதது மட்டுமே குறை.

வெண்மணல்
ஆய்வேட்டை எழுதியவர் இரண்டு பேரிலும் இல்லை. ஆனால் இப்போதுதான் கவனித்தேன், கட்டுரையின் இரண்டாம் பெயர் அந்த ஆய்வேட்டின் நெறியாளர். அவர் இதே இதழின் ஆலோசனைக் குழுவிலும் இருக்கிறார்.

மெய்ப்பு
அப்படியென்றால் கடிதத்தைக் குழுவின் பொது முகவரிக்கு அனுப்பாதீர்கள், அவரும் அதைப் படிக்கக்கூடும். முதன்மை ஆசிரியரின் தனி முகவரிக்கு அனுப்பி, இதழை நடத்தும் நிறுவனத்தின் தலைமைக்கு நகல் கொடுங்கள். நெறியாளர் என்ற செய்தியை உண்மையாக ஒரு வரியில் சொல்லுங்கள், அதிலிருந்து முடிவு எதுவும் எழுத வேண்டாம். முதல் கட்டுரையாளருக்குத் தெரியாமலேயே இரண்டாமவர் அந்தப் பகுதியைக் கொடுத்திருக்கலாம், மறுதலையாகவும் நடந்திருக்கலாம். அதைக் கண்டுபிடிப்பது இதழாசிரியர் வேலை.

கடிதம் ஒரு பக்கத்தைத் தாண்டக் கூடாது. இப்படி இருக்கலாம்:

"தங்கள் இதழின் [இதழ் எண், மாதம், ஆண்டு] பக்கம் … முதல் … வரை வெளியான [தலைப்பு] என்னும் கட்டுரையின் நான்கு பகுதிகள், 2014-இல் [பல்கலைக்கழகம்] ஏற்ற [தலைப்பு] என்னும் ஆய்வேட்டின் பக்கம் 112–118-இல் உள்ள பகுதிகளோடு பெரும்பாலும் சொல்லுக்குச் சொல் ஒத்துள்ளன. கட்டுரையில் அந்த ஆய்வேடு குறிப்பிடப்படவில்லை. பகுதிகளை அருகருகே வைத்த அட்டவணையும் பக்கப் படங்களும் இணைக்கப்பட்டுள்ளன. இதழின் நெறிமுறைப்படி ஆராயுமாறு வேண்டுகிறேன். என் பெயரைக் கட்டுரையாளர்களுக்குத் தெரிவிக்க வேண்டாம்."

அட்டவணையில் இடப்பக்கம் கட்டுரை, வலப்பக்கம் ஆய்வேடு. ஒத்த சொற்களுக்கு ஒரே நிறம் கொடுங்கள், மாற்றிய சொற்களை நிறமின்றி விடுங்கள். மாற்றங்களை மறைத்தால் உங்கள் அட்டவணைமேல் சந்தேகம் வரும். "திருட்டு", "மோசடி" என்ற சொற்கள் எங்கும் வேண்டாம். ஒத்திருக்கிறது என்பதை நீங்கள் நிரூபிக்கலாம், நோக்கத்தை நிரூபிக்க முடியாது. நோக்கத்தைக் குற்றம் சாட்டினால் அவதூறு வழக்கு என்ற மிரட்டலுக்கும் வழி திறக்கும்.

துறைத்தலைவர்_ஓய்வு
நெறியாளர் சம்பந்தப்பட்டிருப்பதால் பல்கலைக்கழகத்துக்கும் அனுப்பலாமே? அதே 2018 விதிமுறையில் துறைதோறும் கல்வி நேர்மைக் குழு இருக்க வேண்டும் என்று இருக்கிறது. சான்றோடு யார் புகார் கொடுத்தாலும் அது விசாரிக்க வேண்டும்.

மெய்ப்பு
அந்தக் குழு பற்றி ஐயா சொல்வது சரி. விதிமுறை "கல்விச் சமூகத்தைச் சேர்ந்தவர்" என்கிறது, வெண்மணல் ஆசிரியரோ ஆய்வாளரோ என்றால் தடையில்லை. ஆனால் முதலில் இதழுக்கு. இரண்டையும் ஒரே நாளில் அனுப்பினால், பல்கலைக்கழகம் முடிக்கட்டும் என்று இதழும், இதழ் முடிக்கட்டும் என்று பல்கலைக்கழகமும் காத்திருக்கும். மூன்று வாரத்தில் பெற்றுக்கொண்டோம் என்ற பதிலாவது வராவிட்டால் பழைய கடிதத்தையே மேலே வைத்து ஒரு நினைவூட்டல். அதன்பிறகும் இல்லையென்றால் குழுவுக்கு. விசாரணை முடிய மாதங்கள் ஆகும், அது அசட்டையின் அடையாளம் இல்லை.

இதழ் தளத்தில் சி.ஓ.பி.இ. என்னும் பதிப்பு நெறிமுறை அமைப்பின் உறுப்பினர் என்று இருந்தால் இன்னொரு படியும் உண்டு. இதழின் சொந்தப் புகார் முறையை முடித்தபிறகே அங்கே போக முடியும். அவர்களும் இதழ் சரியாக நடந்துகொண்டதா என்றுதான் பார்ப்பார்கள், கட்டுரை நகலா என்று தீர்ப்புச் சொல்ல மாட்டார்கள்.

சுவடிக்காரி
ஆய்வேட்டை எழுதியவருக்கு முதலில் சொல்ல வேண்டாமா? அவர் உழைப்பு அது. இதழிலிருந்து திடீரென்று கேள்வி வந்தால் அதிர்ந்துபோவார்.

மெய்ப்பு
எனக்கு அதில் உடன்பாடில்லை. நெறியாளர் இன்னும் அவருடைய பரிந்துரைக் கடிதங்களில் கையெழுத்திடுபவராக இருக்கலாம். முன்பே தெரிந்தால் "நான் அனுமதித்தேன்" என்று பின்தேதியிட்டு எழுதித்தரச் சொல்லி நெருக்கடி வரும்.

சுவடிக்காரி
அந்த நெருக்கடி எப்படியும் வரும். தெரிந்து எதிர்கொள்வதும் தெரியாமல் மாட்டிக்கொள்வதும் ஒன்றா?

வெண்மணல்
அட்டவணை முடிந்தது, நான்கு வரிசை, உரையோடு ஒத்த மூன்றையும் எடுத்துவிட்டேன். நாளை முதன்மை ஆசிரியருக்கு அனுப்புகிறேன். ஆய்வேட்டாளரிடம் சொல்வதா என்று இன்னும் முடிவு செய்யவில்லை. இதே நிலையில் அவருக்கு முன்கூட்டிச் சொன்னவர்கள் யாராவது இருந்தால், பிறகு என்ன ஆனது என்று எழுதுங்கள்.