கர்ப்பிணி எக்ஸ்ரே ஊழியருக்கு இரண்டாவது டோஸ்மீட்டர்: யாராவது ஒழுங்கு செய்திருக்கிறீர்களா?

வணக்கம். யாழ்ப்பாணத்தில் ஒரு வைத்தியசாலையில் ரேடியோகிராபராக இருக்கிறேன். எங்கள் பிரிவுத் தங்கச்சி ஒருத்தி 3 மாதக் கர்ப்பம் என்று எழுத்தில் அறிவித்திருக்கிறாள். ஐ.சி.ஆர்.பி. பரிந்துரைப்படி, அறிவித்த நாளிலிருந்து பிரசவம் வரை கருவுக்கு ஏறத்தாழ 1 மில்லிசீவர்ட்டுக்கு மேல் போகக்கூடாது.

தியேட்டர் சி-ஆர்ம் வேலையிலிருந்து அவளை எடுத்துவிட்டோம். நோயாளியைப் பிடித்துக்கொண்டு நிற்பதும் இல்லை. தடுப்புச் சுவருக்குப் பின்னால் நின்று சாதாரண எக்ஸ்ரே எடுக்கலாம், அதற்கு வீட்டில் இருக்கத் தேவையில்லை என்றுதான் நினைக்கிறேன்.

பிரச்சினை டோஸ்மீட்டர் பேட்ஜ்தான். 3 மாதத்துக்கு ஒருமுறைதான் கணக்கு வருகிறது. ஏதாவது பிழைத்திருந்தால், தெரியவரும்போது பாதிக் காலம் போய்விடும். வயிற்று மட்டத்தில், ஈய ஏப்ரனுக்கு உள்ளே இன்னொன்று போட்டு மாதாமாதம் பார்க்க வேண்டும். எக்ஸ்ரேயில் வயிற்றுத் தோலில் 2 மில்லிசீவர்ட் என்றால் கருவுக்குச் சுமார் 1 தான். அவளுடைய போன காலாண்டு அளவு, ஏப்ரனுக்கு உள்ளே, 0.2. இதே போக்கில் மீதி 6 மாதத்துக்குத் தோலில் 0.4, கருவுக்கு 0.2 அளவில் நிற்கும்.

மாதாந்த பேட்ஜோ, உடனே அளவு காட்டும் எலக்ட்ரோனிக் டோஸ்மீட்டரோ எடுத்தவர்கள் இருந்தால், யாரிடம், எப்படிக் கேட்டீர்கள் என்று சொல்லுங்கோ.