அப்பா கணக்கில் நாமினி இல்லை. வங்கி கோர்ட் சான்று கேட்கிறது

முதுநகர் செந்தில்:
வணக்கம். அப்பா தை மாதம் புதுச்சேரி ஜிப்மரில் தவறிவிட்டார். கடலூரில் உள்ள ஒரு அரசுடைமை வங்கியில் அவருடைய சேமிப்புக் கணக்கில் 3,46,000 ரூபாய் இருக்கிறது. தனிக் கணக்கு, நாமினி போடவில்லை. தாலுகா ஆபீஸில் வாங்கிய வாரிசுச் சான்றில் அம்மா, நான், துபாயில் இருக்கும் தங்கை, அப்பாவைப் பெற்ற ஆயா என்று நான்கு பேர் இருக்கிறோம். ஆயாவுக்கு 86 வயது, கைநாட்டுதான்.

கவுண்டரில் இருந்தவர் "கோர்ட்டில் சக்சஷன் சர்டிபிகேட் வாங்கி வாங்க" என்றார். பாஸ்புக்கில் அப்பா பெயருக்கு முன்னால் இனிஷியல் உண்டு, இறப்புச் சான்றில் இல்லை. அதையும் காட்டித் திருப்பி அனுப்பிவிட்டார். பணம் அம்மாவுக்கு வந்தால் போதும். என்னென்ன காகிதம் வேண்டும்?

நெல்லிக்குப்பம் ரவி:
கோர்ட் வேண்டாம் தம்பி. 5 லட்சத்துக்குள் இருந்தால் வாரிசுச் சான்றே போதும். எங்க அண்ணன் பணத்தை அப்படித்தான் வாங்கினோம்.

வில்லியனூர் மீனா:
எங்க வீட்டுக்காரர் வைப்புத்தொகைக்கு நான்தான் நாமினி. இறப்புச் சான்றும் ஆதாரும் கொடுத்தேன், ஒரே வாரத்தில் வந்துவிட்டது. நீங்களும் நாமினி படிவம் எழுதிக் கொடுங்களேன்?

முதுநகர் செந்தில்:
கணக்குக்காரர் உயிரோடு இருக்கும்போதுதானே அக்கா நாமினி போட முடியும்?

பழைய வங்கிக்காரர்:
ஆமாம், இனி அந்த வழி இல்லை. ரவி சொன்ன 5 லட்சம் கூட்டுறவு வங்கிக்கான வரம்பு. அவர் அண்ணன் கணக்கு அங்கே இருந்திருக்கும். ரிசர்வ் வங்கி 2025 செப்டம்பரில் வெளியிட்ட விதிகளில் மற்ற வங்கிகளுக்கு 15 லட்சம். வாரிசுகளுக்குள் தகராறோ கோர்ட் தடையோ இல்லையென்றால், அதுவரை சக்சஷன் சர்டிபிகேட்டும் கேட்கக் கூடாது, வெளியாள் ஜாமீனும் கேட்கக் கூடாது. கவுண்டரில் வாதாடாமல் மேலாளரிடம் இதை எழுத்தில் கொடுங்கள்.

கொடுக்க வேண்டியது: கிளையில் கிடைக்கும் கோரிக்கைப் படிவம், இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, பணம் வாங்குபவரின் அடையாளச் சான்று, பின்னால் வேறு யாராவது உரிமை கேட்டால் வங்கிக்கு ஈடு கட்டுவேன் என்று அவர் கையெழுத்திட்ட இன்டெம்னிட்டி பாண்டு. மற்ற மூன்று பேரும் ஆட்சேபம் இல்லை என்று கடிதம் தர வேண்டும். பாஸ்புக்கையும் ஏ.டி.எம். கார்டையும் ஒப்படைத்துவிடுங்கள், அந்தக் கார்டில் இனி பணம் எடுக்காதீர்கள்.

இனிஷியலுக்கு இரண்டு வழி. இரண்டு பெயரும் ஒரே ஆள்தான் என்று நோட்டரி முன் உறுதிமொழிப் பத்திரம் கொடுத்தால் பல கிளைகள் ஏற்கும். ஏற்காவிட்டால் இறப்புச் சான்றைத் திருத்த வேண்டும். இறப்பு எங்கே நடந்ததோ அங்கேதான் பதிவு இருக்கும் என்பதால், அதற்குப் புதுச்சேரிப் பக்கம்தான் போக வேண்டும், கடலூர் மாநகராட்சி அல்ல.

முதுநகர் செந்தில்:
ரொம்ப நன்றி ஐயா. ஆயாவை அலைக்கழிக்க மனசு வரவில்லை. அவர் பெயரை எடுத்துவிட்டு வேறு சான்று வாங்கலாம் என்கிறார் மாமா.

பழைய வங்கிக்காரர்:
அதைச் செய்யவே செய்யாதீர்கள். உயில் எழுதாமல் ஓர் இந்து ஆண் இறந்தால் மனைவி, பிள்ளைகளோடு அவரைப் பெற்ற தாயும் முதல் நிலை வாரிசு. ஆளுக்குக் கால் பங்கு. உங்கள் அப்பா பணத்தில் ஆயாவுக்கு 86,500 ரூபாய். அவரை மறைத்து வாங்கினால் பொய்ச் சான்று ஆகிவிடும்.

இதில் நாளைக் கடத்தவும் கூடாது. அதற்குள் ஆயாவுக்கு ஏதாவது ஆகிவிட்டால் அவர் பங்கு அவருடைய வாரிசுகளுக்குப் போகும். உங்கள் அத்தை, சித்தப்பா இருந்தால் அவர்களும் கையெழுத்துப் போட வேண்டியிருக்கும். நடக்க முடியாதவர் என்று எழுதிக் கொடுத்து, ஓர் அதிகாரியை வீட்டுக்கு அனுப்பச் சொல்லுங்கள். அவர் முன்னிலையில், சாட்சியோடு கைநாட்டு வைக்கலாம். ஒன்று மட்டும்: அது அவர் பங்கை விட்டுக்கொடுக்கும் காகிதம். அவருக்குப் புரியும்படி படித்துக் காட்டுங்கள். வேண்டும் என்றால் அவர் பங்கு அவருக்கே போகட்டும்.

நெல்லிக்குப்பம் ரவி:
ஆமாம், அது கூட்டுறவு வங்கிதான். துபாய்த் தங்கை கடிதத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் போதாதா?

பழைய வங்கிக்காரர்:
அசல் வேண்டும். அங்குள்ள இந்தியத் தூதரக அலுவலகத்தில் சான்றொப்பம் வாங்கினால் மறுக்க மாட்டார்கள். அதற்குக் குறைவாக எதை ஏற்பார்கள் என்பது கிளையைப் பொறுத்தது, முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். எல்லாம் கொடுத்ததும் தேதி போட்ட ஒப்புகை வாங்குங்கள். அன்றிலிருந்து 15 நாளில் முடிக்க வேண்டும். வங்கியால் தாமதமானால் வட்டியோடு தர வேண்டும்.

முதுநகர் செந்தில்:
இன்று மேலாளரைப் பார்த்தேன். கோர்ட் சான்று வேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டார். வியாழக்கிழமை ஓர் அதிகாரி வீட்டுக்கு வருகிறார். ஆயாவிடம் படித்துக் காட்டினேன். "என் பங்கும் உங்கம்மாவுக்கே போகட்டும்டா" என்று சொல்லிவிட்டு ரொம்ப நேரம் அழுதார். உறுதிமொழிப் பத்திரத்தை ஏற்பார்களா என்று மண்டல அலுவலகத்துக்கு எழுதியிருக்கிறார்கள். தங்கை கடிதம் வராததால் ஒப்புகை இன்னும் தரவில்லை.